நயினார் வீட்டு இன்சுலின்

வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு என் மருந்துக்கடை ஷட்டரைத் தூக்கியபோது பக்கத்துப் பாத்திரக்கடை பூட்டியிருந்தது. பதினாறு வருஷத்தில் ஓரிரு நாள் தவிர அந்தக் கடை எனக்குப் பின்னால் திறந்ததே கிடையாது. ஊருக்குப் போயிருப்பார் என்று நினைத்தேன். ஊருக்குப் போனால் சொல்லாமல் போகிற மனிதரில்லையே என்றும் நினைத்தேன். ஒன்பது மணிக்கு அவர் மகள் பத்மா நடந்து வந்தாள். வடமதுரையில் குடியிருக்கிறவள், அப்பாவைப் பார்க்க முந்தின நாள்தான் வந்திருந்தாள். கடைப்படியில் நின்று, "அப்பா எந்திரிக்கல மாமா" என்றாள். அவ்வளவுதான். விடியற்காலையில் தியானத்துக்கு உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே சுவரில் சாய்ந்திருக்கிறார்.

தரணேந்திர நயினார் இறந்து இன்றோடு ஐந்து நாள். அவரைத் தெரிந்தவர்களுக்கு நான் எழுதுவதெல்லாம் தெரிந்த கதையாக இருக்கும். தெரியாதவர்கள், திண்டுக்கல்லில் எலிப்பொறி விற்காத ஒரே பாத்திரக்கடையை நினைவுபடுத்திக்கொண்டால் போதும். அந்தக் கடைக்காரர்தான்.

அவர் சமணர். வடநாட்டிலிருந்து வந்த சேட்டு என்று பலர் நினைத்திருந்தார்கள். இல்லை. வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பம், அவர்களைத்தான் நயினார் என்பது. முதலில் நவதானிய மண்டி ஒன்றில் வேலைக்காக இங்கே வந்தார். வேலையில் கெட்டிக்காரர் என்று மண்டி முதலாளியே என்னிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் மழைக்காலம் வந்ததும் மூட்டைகளில் வண்டு விழும். வண்டு விழுந்தால் கிடங்கைப் பூட்டி, மருந்து வைத்துப் புகைபோட வேண்டும். நயினார் முதல் வருஷம் பயறைச் சலித்து, வண்டுகளை ஒரு முறத்தில் வாங்கி, கொஞ்சம் பயறோடு சேர்த்து மரநிழலில் கொண்டுபோய்க் கொட்டினாராம். இரண்டு மூட்டைக்கு அப்படிச் செய்யலாம், இருநூறு மூட்டைக்கு முடியுமா? அடுத்த மழைக்கு முன்னால் வேலையை விட்டுவிட்டார். "தானியம்னா புழு வரும், புழு வந்தா கொல்லணும். பித்தளைக்குப் புழு வராது அருளப்பன்" என்று என்னிடம் சொன்னார். ஒரு மனிதர் தொழிலை இப்படியும் தேர்ந்தெடுப்பார் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

நான் கத்தோலிக்கன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கறி எடுக்காவிட்டால் முகம் கோணுகிறவன். வாயும் சும்மா இருக்காது. பக்கத்துக் கடைக்கு இப்படி ஒருவர் வந்தால் விடுவேனா? காலையில் பூப்போல மெத்தென்ற துடைப்பத்தால் அவர் வாசல் பெருக்கும்போது, "எறும்பெல்லாம் ஒதுங்கிக்குங்கப்பா, நயினார் வாராரு" என்று சத்தம் கொடுப்பேன். அவர் கோபித்ததே இல்லை. "நீங்க சொன்னா அதுங்க கேக்குது, நான் சொன்னா கேக்க மாட்டேங்குது" என்பார்.

அவர் வீடு கடைக்குப் பின் தெருவில். பத்மாவைப் பெற்ற சில வருஷங்களிலேயே மனைவி இறந்துவிட்டதால் அப்பாவும் மகளும் மட்டும்தான். அந்த வீட்டுச் சமையலை என் மனைவி ரெஜினா போய்ப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். வெங்காயம் கிடையாது, பூண்டு கிடையாது. உருளைக்கிழங்கு, கேரட், முள்ளங்கி, மண்ணுக்குள் விளைகிற எதுவும் கிடையாது. பிடுங்கினால் செடியே போய்விடும், கிழங்குக்குள் கணக்கில்லாத உயிர் என்பது அவர்கள் கொள்கை. தேன் கிடையாது. அத்திப்பழத்துக்குள் பூச்சி இருக்கும், அதுவும் கிடையாது. சின்ன வெங்காயம் மூட்டை மூட்டையாக இறங்குகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு வெங்காயமில்லாமல் சாம்பாரா! ஆனால் பத்மா வைத்த பூசணிக்காய்க் குழம்பை ருசி பார்த்த பிறகு ரெஜினா அதைப் பற்றிப் பேச்சை எடுக்கவில்லை.

தண்ணீர்தான் பெரிய வேலை. பின்கட்டுக் கிணற்றில் இறைத்த தண்ணீரை இரண்டாக மடித்த கெட்டித் துணியில் வடிகட்டுவார்கள். அது நாமும் செய்வதுதான். அதற்கப்புறம் அந்தத் துணியை வடிகட்டிய தண்ணீராலேயே திருப்பி அலசி, அலசிய தண்ணீரைச் சின்ன வாளியில் பிடித்து, கயிற்றை மெதுவாக விட்டு, கிணற்றுத் தண்ணீர் மட்டம் வரைக்கும் இறக்கிச் சரிப்பார்கள். மேலேயிருந்து ஊற்றினால் கண்ணுக்குத் தெரியாத உயிர்களுக்கு அடிபடுமாம். அந்தக் கிணற்று உயிர் அந்தக் கிணற்றுக்கே போகவேண்டும், வேறு தண்ணீரில் விட்டால் பிழைக்காதாம். திண்டுக்கல்லில் கோடையில் ஒரு குடம் தண்ணீருக்கு மனிதர்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்தவன் நான். இவர் தண்ணீரில் குடியிருப்பவர்களுக்காக வாளி இறக்கிக்கொண்டிருந்தார்.

பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். இருட்டில் எது இலையில் விழுகிறது என்று தெரியாது, விளக்கைத் தேடி வருகிற பூச்சியும் சாகும் என்பது காரணம். மாலையில் வாடிக்கையாளர் நிற்கும்போதே, "செத்த நேரம் பாத்துக்குங்க அருளப்பன்" என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டுச் சாப்பிடப் போவார். எத்தனை குடும்பத்துக்குச் சீர்வரிசைப் பாத்திரத்தை நான் விற்றுக்கொடுத்திருக்கிறேன் தெரியுமா?

ஒருமுறை தோல்ஷாப்காரர் ஒருவர் வந்து, தோல் ஊறவைக்கிற இடத்துக்குப் பெரிய பெரிய அண்டாக்களும் வாளிகளும் வேண்டும் என்றார். அன்றைக்கு வந்தது சில்லறை வியாபாரமில்லை. நயினார் அவரை உட்காரவைத்து, மோர் கொடுத்து, "உங்க தொழிலைக் குறை சொல்லல. என் பாத்திரம் அங்க வரக்கூடாதுன்னு எனக்கொரு விரதம்" என்று சொல்லி, வேறு கடைக்கு வழிகாட்டி அனுப்பினார். வந்தவரும் சிரித்தபடியே போனார். நானாக இருந்தால் விற்றிருப்பேன். நயினாரிடமும் அதைச் சொன்னேன்.

இனி நான் எழுதவேண்டியது என் தவறு. அதை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுதினால் அது அஞ்சலியே இல்லை.

பத்மாவுக்கு அப்போது இருபது வயது. பெண்கள் கல்லூரியில் கணக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதத்தில் ஆள் பாதியாக இளைத்தாள். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். ஒருநாள் கல்லூரியிலேயே நினைவு தப்பி விழ, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சர்க்கரை. இளம் வயதில் வருகிற வகை, மாத்திரைக்கு மசியாது. உடம்பில் இன்சுலின் அறவே சுரக்கவில்லை, ஊசி போட்டால் உயிர், இல்லாவிட்டால் இல்லை என்று டாக்டர் சொன்னார். ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தாள்.

அப்போது நம் ஊரில் கிடைத்த இன்சுலின் எதிலிருந்து வந்தது என்று மருந்துக்கடைக்காரனுக்குத் தெரியாதா? அறுத்த மாட்டின் கணையத்திலிருந்து எடுத்தது. சிலது பன்றியிலிருந்து. குப்பியின் லேபிளில் பொடி எழுத்தில் இங்கிலீஷில் போட்டிருக்கும். மாத்திரைக்கூடு எலும்பிலிருந்து செய்கிற ஜெலட்டின் என்று நான் சொன்ன நாளிலிருந்து கூட்டைப் பிரித்துக்கூட மருந்து சாப்பிடாத வீடு அது. இந்த லேபிளைப் பத்மா படித்தால் என்ன ஆகும்?

நான் யோசிக்கவே இல்லை. முதல் குப்பியை எடுத்தேன், ஈர விரலால் லேபிளைத் தேய்த்து உரித்தேன், வெள்ளைத்தாளில் 'காலை, மாலை, சாப்பாட்டுக்கு அரை மணி முன்' என்று எழுதி ஒட்டினேன். அவர்கள் வீட்டில் குளிர்பெட்டி கிடையாது, குப்பி என் கடைப் பெட்டியில்தான் இருக்கும். ஆகவே லேபிள் உரிப்பது சுலபமாகப் போயிற்று. பதினோரு மாதம் உரித்தேன். ஒரு உயிரைக் காப்பாற்றுகிறோம் என்று எனக்குள் பெருமை வேறு. பாவம் இருந்தால் என் தலையில் விழட்டும், பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன் என்று நினைத்தேன். நயினார் ஒருநாளும் எதுவும் கேட்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு கல்யாணத்துக்காக நான் சாணார்பட்டி போன நாளில் ரெஜினா கடையில் இருந்தாள். பத்மா வந்தாள். பழைய குப்பி தீர்ந்திருந்தது. ரெஜினா புதுக் குப்பியை எடுத்துக் கொடுத்தாள், லேபிளோடு. பத்மா கவுண்டரிலேயே நின்று படித்தாளாம். பிறகு குப்பியை ரெஜினாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, "வேணாம் அத்தை" என்று சொல்லிப் போய்விட்டாளாம். ரெஜினாவுக்கு என்ன தெரியும், வேறு கடையில் வாங்கிக்கொள்வாள் என்று விட்டுவிட்டாள். மறுநாள் மத்தியானம் நான் ஊர் திரும்பியதும் பேச்சுவாக்கில் என்னிடம் சொன்னாள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். முழுதாக ஒரு நாள் ஊசி இல்லை.

குப்பியைத் துணியில் சுற்றிக்கொண்டு ஓடினேன். பத்மா பாயில் படுத்திருந்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. காலையிலிருந்து இரண்டு தரம் வாந்தி. நயினார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஊசியை நிறுத்திவிட்டது காலையில் அவள் சொல்லித்தான் அவருக்கும் தெரிந்திருக்கிறது. கடை திறக்கவில்லை.

நான் கத்தினேன். எழுத்தில் போடமுடியாத வார்த்தையும் வந்தது. பெற்ற மகள் சாகக் கிடக்கிறாள், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களே, எறும்புக்கு ஒதுங்குகிற ஆளா நீங்கள், பிடித்து ஊசியைப் போடுங்கள் என்றேன். அவர் என்னை முடிக்கவிட்டார்.

"பிடிச்சுப் போட்டா அதுவும் ஹிம்சைதான் அருளப்பன்" என்றார். பிறகு, "லேபிளை ஏன் உரிச்சீங்க?" என்று கேட்டார்.

தெரியக்கூடாதென்றுதான் என்றேன்.

"எனக்கு முத நாளே தெரியும். ஆஸ்பத்திரியில டாக்டரைக் கேட்டேன். மாடுன்னு சொன்னாரு. போடுங்கன்னு கையெழுத்துப் போட்டது நான்."

அவர் மகள் பக்கம் திரும்பினார். நான் அங்கே நிற்பதைப் பொருட்படுத்தாமல் பேசினார். அந்தப் பேச்சு எனக்கு வார்த்தைக்கு வார்த்தை மனதில் இருக்கிறது.

"நீ நெனவில்லாமக் கெடந்த. உனக்குப் பதிலா நான் முடிவு எடுத்தேன். அந்தப் பாவம் என்னுது, அதை நான் தாங்கிக்கிறேன். ஆனா நீ முழிச்ச பொறவு சொல்லியிருக்கணும். சொல்லல. இவரு லேபிளை உரிச்சு அனுப்பினாரு, அந்தப் பொய்ய நான் சௌகரியமா வச்சுக்கிட்டேன். வாயைத் தொறக்காம இருந்தா பொய் சொன்னதாகாதுன்னு நெனச்சேன். தப்பு. என்னை மன்னிச்சிரு." மகளுக்கு முன்னால் அறுபது வயது மனிதர் இரண்டு கையையும் கூப்பினார்.

பத்மா கண்ணைத் திறந்து, "எனக்காக ஒரு மாடாப்பா?" என்று கேட்டாள்.

"ஆமா. இல்லேன்னு சொல்ல மாட்டேன்" என்றார் நயினார்.

இல்லை என்று ஏதாவது சொல்லித் தொலைக்கக்கூடாதா! அந்த மாட்டை அறுத்தது கறிக்காக, நாம் வாங்காவிட்டாலும் அறுப்பார்கள் என்று நான் குறுக்கே விழுந்தேன். அவர் அதையும் ஏற்கவில்லை. செய்வது, செய்யவைப்பது, செய்ததற்கு உடன்படுவது மூன்றும் ஒன்றுதான் என்பது அவர்கள் நூல் சொல்வது, வாங்கினால் உடன்பட்டதாகத்தான் அர்த்தம் என்றார்.

பிறகு அவளிடம் பேசினார். சோறு பொங்கினாலும் உயிர் போகிறது, வயலை உழுதாலும் போகிறது, குடும்பத்தில் இருக்கிறவர்களுக்கு அதை முழுதாகத் தவிர்க்கமுடியாது. கொல்லவேண்டும் என்று நினைத்துக் கொல்வதைத்தான் இல்லறத்தார் அறவே விடவேண்டும், மற்றதைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும் என்றார். அவள், அப்படியானால் சாப்பாட்டை நிறுத்தி உயிர் விடுவதை நம் முனிவர்கள் செய்யவில்லையா என்று கேட்டாள். அவர் குரல் அப்போதுதான் கொஞ்சம் உயர்ந்தது. "அது சல்லேகனை. உடம்பு இனி எதுக்கும் ஆகாதுன்னு ஆன பொறவு, யார்மேலயும் கோவமில்லாம, குரு சம்மதத்தோட எடுக்கறது. நீ எங்க ரெண்டு பேரு மேலயும் கோவத்துல படுத்திருக்க. கோவத்துல ஒரு உயிரைப் போக்கறதுக்கு நம்மகிட்ட ஒரே பேருதான். அந்த உயிரு உன்னுதா இருந்தாலும் அதே பேருதான்."

பத்மா அழுதாள். கண்ணீர்கூட அதிகம் வரவில்லை, உடம்பில் அவ்வளவு வறட்சி.

"கோவந்தான்ப்பா" என்றாள். "கேட்டிருந்தா நான் சரின்னுகூடச் சொல்லியிருப்பேன். யாருமே கேக்கலையே."

நயினார் இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார். "இப்ப கேக்கறேன். மாட்டோட கணையத்துல எடுத்த மருந்து இது. போட்டுக்கறியா? வேணாம்னு சொன்னா நான் பக்கத்துலயே இருப்பேன், கட்டாயப்படுத்த மாட்டேன். ஆனா நீ இருக்கணும்னுதான் எனக்கு ஆசை. அதையும் மறைக்கல."

ஆண்டவரே, அந்த ஒரு நிமிஷம் நான் செபித்த மாதிரி கோயிலில்கூடச் செபித்ததில்லை. அவள் என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். "குப்பியைக் குடுங்க மாமா" என்றாள். வாங்கி, லேபிளை இன்னொரு தரம் முழுக்கப் படித்தாள். பிறகு அவளே ஊசியை ஏற்றினாள். டாக்டரிடம் அழைத்துப் போனோம். சலைன் ஏற்றி, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே பத்மா ஒரு விரதம் எடுத்தாள். மாட்டின் உடம்பிலிருந்து உயிருக்குத் தேவையானதை வாங்கிக்கொள்கிறேன், நாக்குக்காக அதனிடம் இனி எதுவும் வாங்கமாட்டேன் என்று பால், தயிர், நெய் மூன்றையும் விட்டாள். சுவைகளில் சிலதை விடுவது அவர்களுக்குள் உள்ள நோன்புதான். நயினாரும் சேர்ந்து விட்டார். சமணர் வீட்டில் பாலும் நெய்யும் இல்லையென்றால் என்னதான் மிச்சமிருக்கும்? வெயில் காலத்தில் ஒரு டம்ளர் மோருக்கு உயிரை விடுகிறவர் நயினார். அன்றிலிருந்து சாகும்வரை ஆறு வருஷம், ஒரு சொட்டுத் தொடவில்லை. கடைக்கு வருகிறவர்களுக்கு மட்டும் கொடுப்பார்.

அட்டமி, சதுர்த்தசி என்றால் பட்டினி கிடக்கிற வழக்கத்தைப் பத்மா டாக்டர் சொன்னபடி நிறுத்தினாள். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி ஆளே போய்விடும். அந்த இரண்டு நாளும் அவளுக்கும் சேர்த்து நயினார் பட்டினி இருந்தார். பெண் பார்க்க வந்தவர்களிடம் வியாதி, ஊசி, மாடு எல்லாவற்றையும் முதல் பேச்சிலேயே சொன்னார். இரண்டு குடும்பம் எழுந்து போனது. மூன்றாவது குடும்பம் காப்பி கேட்டது. அந்த மாப்பிள்ளைதான் இன்றைக்கு வடமதுரையில் பள்ளிக்கூட வாத்தியார்.

என்மேல் அவருக்குக் கோபம் இருந்ததா என்று ஒருநாள் கேட்டேன். "உங்க பொய்யில பதினோரு மாசம் அவ உயிரோட இருந்தா. உங்க பொய்யிலதான் ஒரு நாள் சாகவும் போனா. ரெண்டையும் கூட்டிக் கழிச்சுப் பாக்கற வேலை எனக்கு வேணாம்" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "இனிமே உரிக்காதீங்க" என்றார். அதற்குப் பிறகு என் கடையில் மருந்து எதிலிருந்து வந்தது என்று யார் கேட்டாலும் உள்ளது உள்ளபடிதான் சொல்கிறேன். வியாபாரம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

போன வருஷம், வெளிநாட்டில் மாடும் வேண்டாம் பன்றியும் வேண்டாம், பாக்டீரியாவை வைத்தே இன்சுலின் செய்கிறார்கள், மெட்ராஸில் சொல்லிவைத்திருக்கிறேன் என்று அவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். என் சந்தோஷம் எனக்கு. அவர் கொஞ்சம் யோசித்து, "பாக்டீரியாவும் ஓரறிவு உயிருதானே?" என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. உங்களுக்குக் காற்றைக் கரைத்துத்தான் ஊசி போடவேண்டும் என்றேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "காத்துலயும் உயிரிருக்கு அருளப்பன். ஆனா அஞ்சறிவுலயிருந்து ஓரறிவுக்கு எறங்கியிருக்கோம். நல்ல செய்தி, சீக்கிரம் வரவழைங்க" என்றார். அது இன்னும் வந்து சேரவில்லை.

வியாழக்கிழமையே தகனம் முடிந்தது. உடம்பை வைத்துக்கொண்டிருந்தால் அதில் உயிர்கள் தோன்றும் என்பதால் அவர்கள் தாமதிப்பதில்லை. அழுகையும் அடக்கந்தான். சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்து முடித்தபோது வெயில் மலைக்கோட்டைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. பத்மா கூடத்தில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தாள். மாலை ஊசி போடவில்லை. போட்டால் அரை மணிக்குள் சாப்பிடவேண்டும், பொழுது போய்விட்டால் சாப்பிடமாட்டாள். மாப்பிள்ளை கலங்கிப்போய் என்னைப் பார்த்தார். ரெஜினா என் காதில், நீங்கள் சொன்னால் கேட்பாள், அதட்டியாவது போடுங்கள் என்றாள். பழைய அருளப்பனாக இருந்தால் அதட்டியிருப்பேன்.

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "பத்மா, ஊசி போட்டுக்கறியாம்மா?" என்று கேட்டேன். கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். அவள் தலை நிமிர்ந்தாள். "போடுங்க மாமா. இன்னிக்கு என்னால முடியல" என்று கையை நீட்டினாள். போட்டேன். வெளிச்சம் இருக்கும்போதே ரெஜினா ஊட்டிய இரண்டு இட்லியைத் தின்றாள்.

தரணேந்திர நயினார் அவர்களே, எங்கள் பக்கத்தில் யாரை வழியனுப்பினாலும் போய்ட்டு வாங்க என்றுதான் சொல்லுவோம். உங்களுக்கு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திரும்பவும் ஒரு பிறவி வேண்டாம், இன்னொரு உயிருக்குத் துன்பம் கொடுக்கிற ஓர் உடம்பு வேண்டாம் என்பதற்காகத்தான் நீங்கள் ஆயுசு முழுவதும் அத்தனை பாடுபட்டீர்கள். எனக்கு உங்களைத் திரும்பப் பார்க்கவேண்டும் போலத்தான் இருக்கிறது. அதை மறைக்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். போங்க அண்ணே. வரவேண்டாம்.